அமெரிக்க புட் ஆப்ஷன், பைனாமியல் மரம்: ஒரே விலை ஒரு கணுவில் நிறைவேற்றச் சொல்கிறது, மற்றொன்றில் காத்திருக்கச் சொல்கிறது

வெண்ணிலா_கணிதம் எழுதியது:

வணக்கம். முதுகலைத் திட்டப்பணிக்காக, டிவிடெண்ட் தராத ஒரு பங்கின் மீதான அமெரிக்க வகைப் புட் ஆப்ஷனை நான்கு படிகள் கொண்ட பைனாமியல் மரத்தில் விலையிட்டு வருகிறேன். காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டீன் மூவரும் 1979இல் தந்த அமைப்பையே பின்பற்றியிருக்கிறேன். பங்கின் இன்றைய விலை 100 டாலர், ஸ்ட்ரைக் விலையும் 100 டாலர், காலம் ஓராண்டு, ஒவ்வொரு படியும் ஒரு காலாண்டு. ஒரு படியில் விலை 1.1 மடங்காக ஏறும் அல்லது 1.1ஆல் வகுபட்டு இறங்கும். வட்டி காலாண்டுக்கு 2 சதவீதம், அதாவது R = 1.02. இவற்றிலிருந்து ஏற்றத்தின் ஆபத்து-நடுநிலை நிகழ்தகவு 0.581 என்றும் இறக்கத்தினுடையது 0.419 என்றும் கிடைக்கின்றன. பங்கு விலைகள் இவ்வாறு அமைகின்றன:

```
t=4   146.41  121.00  100.00  82.64  68.30
t=3   133.10  110.00   90.91  75.13
t=2   121.00  100.00   82.64
t=1   110.00   90.91
t=0   100.00
```

கடைசி வரிசையிலிருந்து பின்னோக்கி வந்து, ஒவ்வொரு கணுவிலும் வைத்திருக்கும் மதிப்பையும் உடனே நிறைவேற்றினால் கிடைப்பதையும் ஒப்பிட்டுப் பெரியதை எடுத்துக்கொண்டேன். தொடக்க விலை 4.677 என வந்தது. ஐரோப்பிய வகைக்கு அதே மரத்தில் 3.645 வருகிறது.

என் ஐயங்கள் இரண்டு. t=3இல் விலை 90.91 ஆக இருக்கும் கணுவை நிரல் ‘நிறைவேற்று’ என்று குறிக்கிறது. ஆனால் t=1இல் விலை அதே 90.91 ஆக இருக்கும்போது குறிப்பதில்லை. இரண்டிலும் கைக்குக் கிடைப்பது 9.09தான் என்றிருக்க, முடிவு மட்டும் ஏன் மாற வேண்டும்? இரண்டாவதாக, 133.10, 110, 121 போன்ற கணுக்களையும் என் நிரல் ‘நிறைவேற்று’ பட்டியலில் சேர்க்கிறது. அங்கே புட்டை நிறைவேற்றுவதற்குப் பொருளே இல்லை. ஆனாலும் விலை மட்டும் சரியாகவே வருகிறது.

---

சோழமண்டலம் எழுதியது:

முதல் ஐயத்துக்கு விடை, மீதமிருக்கும் காலம். t=1இல் முக்கால் ஆண்டு மீதமிருப்பதால் காலமதிப்பு அதிகம், t=3இல் ஒரு காலாண்டுதான் இருக்கிறது. கணுக்களைக் கண்டறிய இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. முதலில் ஐரோப்பிய மரத்தை முழுவதுமாகக் கணக்கிட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கணுவிலும் ஐரோப்பிய மதிப்பு உள்ளார்ந்த மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் அது நிறைவேற்றும் கணு என்று குறியுங்கள். ஐரோப்பிய விலை உள்ளார்ந்த மதிப்புக்குக் கீழே போகிறதென்றால் காத்திருப்பதால் இழப்பு என்றுதானே பொருள்? நான் வணிகம் செய்யும்போது மனத்தில் வைத்துக்கொள்ளும் அளவுகோலும் இதுவே.

---

மரக்கிளை எழுதியது:

சோழமண்டலம் ஐயா, மீதமிருக்கும் காலம் என்ற உங்கள் காரணம் சரியான திசையில்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் தந்த அளவுகோல் இதே எடுத்துக்காட்டில் தவறான விடையைத் தருகிறது. t=1இல் 90.91 என்ற கணுவில் ஐரோப்பிய மதிப்பு 7.20, உள்ளார்ந்த மதிப்பு 9.09. உங்கள் முறைப்படி அங்கே நிறைவேற்ற வேண்டும். வெண்ணிலாவின் நிரலோ அங்கே வைத்திருக்கும் மதிப்பு 9.26 என்று கண்டு காத்திருக்கச் சொல்கிறது, அதுதான் சரி. காத்திருப்பவர் முதிர்வு நாள்வரை கட்டுண்டு கிடக்கப்போவதில்லை என்பதையும், அடுத்த காலாண்டில் விலை 82.64க்கு இறங்கினால் அங்கேயே நிறைவேற்றிக்கொள்ளும் உரிமை அவரிடம் இருக்கிறது என்பதையும் ஐரோப்பிய மதிப்பு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அந்த உரிமையின் மதிப்பே 7.20ஐ 9.26 ஆக உயர்த்துகிறது. ஆகவே ஒப்பிட வேண்டியது, அடுத்த படியில் சிறந்த முடிவை எடுப்பதாகக் கொண்டு கணக்கிட்ட வைத்திருக்கும் மதிப்போடுதான்.

வெண்ணிலா, உங்கள் முதல் ஐயத்தை ‘காலமதிப்பு’ என்ற சொல்லோடு விட்டுவிடாமல், அந்த இரண்டு கணுக்களையும் அருகருகே வைத்து எண்களாலேயே பார்த்துவிடுவோம்.

புட்டை இன்று நிறைவேற்றுபவர் 100 டாலரை இன்றே பெறுகிறார். ஒரு படி தள்ளிப்போட்டு, அப்போது எந்தப் பக்கம் போனாலும் நிறைவேற்றியே தீருவேன் என்று முடிவெடுத்தவருக்கு அந்த 100 டாலர் ஒரு காலாண்டு கழித்தே வருகிறது. அதன் இன்றைய மதிப்பு 100/1.02 = 98.04. அப்படியானால் ஒரு படி காத்திருப்பதன் செலவு 1.96 டாலர். இந்தச் செலவு மரத்தின் எல்லாக் கணுக்களிலும் ஒன்றே. பங்கு விலை அதில் நுழைவதில்லை.

காத்திருப்பதால் வரும் ஆதாயம்தான் கணுவுக்குக் கணு மாறுகிறது. அடுத்த படியின் இரண்டு கணுக்களில் ஏதேனும் ஒன்றில் புட்டின் மதிப்பு, ஸ்ட்ரைக் விலையிலிருந்து பங்கு விலையைக் கழித்துக் கிடைக்கும் தொகையைவிட அதிகமாக இருந்தால், அந்த அதிகத்தின் தள்ளுபடி செய்த எதிர்பார்ப்பு மதிப்பே ஆதாயம்.

t=3, 90.91 கணுவை எடுங்கள். மேலே போனால் விலை 100, அங்கே புட்டின் மதிப்பு பூஜ்யம், 100 − 100 என்பதும் பூஜ்யம். கீழே போனால் 82.64, புட்டின் மதிப்பு 17.36, கழித்துக் கிடைப்பதும் 17.36. இரண்டு பக்கமும் அதிகம் ஏதுமில்லை. ஆதாயம் பூஜ்யம், செலவு 1.96. வைத்திருக்கும் மதிப்பு 7.13, நிறைவேற்றினால் 9.09, வேறுபாடு சரியாக அந்த 1.96.

இப்போது t=1, 90.91. கீழே போனால் 82.64. அங்கே நிறைவேற்றுவதே சிறந்தது என்பதால் அதிகம் ஏதுமில்லை. மேலே போனால் விலை 100. ஆனால் இன்னும் இரண்டு காலாண்டுகள் மீதமிருப்பதால் அங்கே புட்டின் மதிப்பு பூஜ்யமன்று, 3.735. கழித்துக் கிடைப்பதோ பூஜ்யம். இந்த 3.735ஐ 0.581ஆல் பெருக்கி 1.02ஆல் வகுத்தால் 2.13 வருகிறது. ஆதாயம் 2.13, செலவு 1.96. காத்திருப்பது 0.17 அளவுக்கு மேலானது. 9.26க்கும் 9.09க்கும் உள்ள இடைவெளி அதுவே.

இன்றே நிறைவேற்றிவிட்டால், பங்கு 100க்கு ஏறிய பின் அங்கிருந்து மீண்டும் இறங்கும் வாய்ப்பின்மீது கையில் இருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம். முடிவு நெருங்க நெருங்க அந்த உரிமையின் மதிப்பு சுருங்குகிறது, வட்டியோ ஒரு படிக்கு அதே அளவில் நிற்கிறது. ஆகவேதான் ஒரே விலைக்கு முன்பு ஒரு முடிவும் பின்பு வேறொரு முடிவும் வருகின்றன.

---

நுண்கணிதன் எழுதியது:

இரண்டாவது ஐயம் நிரல் தொடர்பானது. நீங்கள் `now >= hold` என்று ஒப்பிட்டிருப்பீர்கள், அதோடு `now` என்பதைப் பூஜ்யத்துக்குக் கீழே போகாதபடி முன்பே வெட்டியிருப்பீர்கள். மேல்பக்கக் கணுக்களில் இரண்டுமே பூஜ்யம் என்பதால் நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. இரண்டில் பெரியதை எடுத்தாலும் பூஜ்யமே வருவதால் விலை பாதிக்கப்படுவதில்லை. பிழை இவ்வளவு நேரம் மறைந்திருந்ததற்கு அதுவே காரணம். நிறைவேற்றும் மதிப்பு பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும், வைத்திருக்கும் மதிப்பைத் தெளிவாகத் தாண்டவும் வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளையும் வையுங்கள். தசம எண்களைக் கணினி தோராயமாகவே வைத்துக்கொள்வதால் ஒரு சிறிய இடைவெளியும் தேவை.

```python
def amer_put(S, K, u, R, n):
    p = (R - 1/u) / (u - 1/u)
    V = [max(K - S*u**(n - 2*j), 0.0) for j in range(n + 1)]
    early = []
    for i in range(n - 1, -1, -1):
        for j in range(i + 1):
            s = S * u**(i - 2*j)
            hold = (p*V[j] + (1 - p)*V[j + 1]) / R
            now = K - s
            if now > 0 and now > hold + 1e-9:
                early.append((i, round(s, 2)))
            V[j] = max(now, hold)
    return V[0], early

print(amer_put(100, 100, 1.1, 1.02, 4))
```

இங்கே `j` என்பது இதுவரை நிகழ்ந்த இறக்கங்களின் எண்ணிக்கை. உள்வளையம் சிறிய `j`யிலிருந்து பெரியதை நோக்கி ஓடுவது முக்கியம். திசையை மாற்றினால், இன்னும் பயன்படுத்தி முடிக்காத பழைய மதிப்பின்மீது புதியது எழுதப்பட்டுவிடும். ஓட்டிப் பார்த்தால் பட்டியலில் மூன்றே கணுக்கள் வர வேண்டும்: t=3இல் 90.91, 75.13, t=2இல் 82.64.

---

ஈரோடு_முதலீட்டாளர் எழுதியது:

இதைப் படித்ததும் என் நிலையைக் கேட்கத் தோன்றியது. என்எஸ்இயில் ஒரு பங்கின் புட் என்னிடம் இருக்கிறது. பங்கு நன்றாக விழுந்துவிட்டதால் புட் ஆழமான லாபத்தில் இருக்கிறது. ஆனால் திரையில் அதற்குக் கிடைக்கும் விலை, ஸ்ட்ரைக் விலையிலிருந்து பங்கு விலையைக் கழித்தால் வருவதைவிடக் குறைவு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நான் இப்போதே நிறைவேற்றிவிட வேண்டும் போலிருக்கிறது. புரோக்கரின் செயலியில் அதற்கான பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

---

மரக்கிளை எழுதியது:

ஐயா, பொத்தான் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. என்எஸ்இயில் தனிப்பங்கு ஆப்ஷன்கள் முன்பு அமெரிக்க வகையாகவே இருந்தன, 2011இல் அவை ஐரோப்பிய வகைக்கு மாற்றப்பட்டன. நிஃப்டி ஆப்ஷன்களும் ஐரோப்பிய வகையே. ஆகவே முதிர்வு நாளுக்கு முன்பு நிறைவேற்ற உங்களுக்கு உரிமை இல்லை. இந்த இழையில் பேசுவது அமெரிக்காவில் வணிகமாகும் தனிப்பங்கு ஆப்ஷன் போன்றவற்றுக்குப் பொருந்தும்.

ஆனால் நீங்கள் கண்ட விலையை இதே மரம் விளக்குகிறது. t=2இல் விலை 82.64 ஆக இருக்கும்போது அமெரிக்க புட்டின் மதிப்பு 17.36, ஐரோப்பிய புட்டின் மதிப்பு 13.47. ஐரோப்பிய வகையில் ஸ்ட்ரைக் தொகை முதிர்வில்தான் கைக்கு வரும் என்பதால், ஆழ்ந்த லாபத்தில் இருக்கும் புட் உள்ளார்ந்த மதிப்புக்குக் கீழே விலைபோவது இயல்பானது, அதைச் சந்தையின் பிழை என்று கொள்ள வேண்டாம். எடுத்துக்காட்டின் வட்டி உயர்ந்தது, காலமும் நீண்டது என்பதால் இங்கே இடைவெளி பெரிதாகத் தெரிகிறது. ஒரு மாத ஒப்பந்தத்தில் வட்டியால் மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளி வராது. அங்கே பெரிய இடைவெளி கண்டால், வாங்குபவர்கள் குறைவாக இருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

வெளியேற வேண்டுமென்றால் புட்டை விற்கலாம். நல்ல விலை கிடைக்கவில்லையென்றால் அதே முதிர்வு கொண்ட ஃபியூச்சரை அதே அளவில் வாங்கி, இதுவரை வந்த லாபத்தின் பெரும்பகுதியைப் பூட்டி வைக்கலாம். அதற்கு மார்ஜின் பணம் தேவைப்படும், முதிர்வில் பங்குகளைக் கொடுக்கல் வாங்கல் செய்யும் விதிமுறைகளும் உண்டு. அவற்றை உங்கள் புரோக்கரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

---

சோழமண்டலம் எழுதியது:

மரக்கிளையின் திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் என் அளவுகோலை முழுவதுமாகத் தள்ளிவிட வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். அமெரிக்க வகையை வைத்திருக்கும் மதிப்பு ஐரோப்பிய மதிப்புக்குக் கீழே ஒருபோதும் போகாது. ஆகவே ஐரோப்பிய மதிப்பே உள்ளார்ந்த மதிப்பைவிட அதிகமாக இருக்கும் கணுவில் நிறைவேற்றக் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். மறுபக்கத்துக்குத்தான், அதாவது ஐரோப்பிய மதிப்பு குறைவாக இருக்கும் இடங்களுக்குத்தான், உங்கள் கணக்கு தேவைப்படுகிறது. பெரிய மரங்களில் கணிசமான கணுக்களை இப்படி முதலிலேயே விலக்கிவிடலாம்.

---

மரக்கிளை எழுதியது:

ஆம், அந்தத் திசையில் அது சரியே. அதைப் போன்ற மற்றொரு எல்லையையும் தருகிறேன். முதிர்வே இல்லாத புட் ஒன்றைக் கற்பனை செய்தால், அதை நிறைவேற்ற வேண்டிய விலைக்குச் சுருக்கமான சூத்திரம் இருக்கிறது: டிவிடெண்ட் இல்லாதபோது S* = K·2r/(2r + σ²). வெண்ணிலாவின் மரத்தில் r என்பது 4·ln 1.02, அதாவது 0.0792. σ என்பது 2·ln 1.1, அதாவது 0.1906. இட்டுப் பார்த்தால் 81.3 வருகிறது. எவ்வளவு காலம் மீதமிருந்தாலும் இந்த விலைக்குக் கீழே காத்திருப்பதில் பயனில்லை. முதிர்வை நெருங்கும்போது எல்லை ஸ்ட்ரைக் விலையான 100ஐ நோக்கி ஏறுகிறது. ஆகவே நுண்ணிய மரத்தில் நீங்கள் காணும் எல்லை 81.3க்கும் 100க்கும் இடையே, காலம் செல்லச் செல்ல இறங்காமல் ஏற வேண்டும். உங்கள் நிரல் 75இல் காத்திருக்கச் சொன்னாலும், ஒரே தேதியில் 85இல் நிறைவேற்றி 80இல் காத்திருக்கச் சொன்னாலும், நிரலில் பிழை இருக்கிறது என்று கொள்ளலாம். ஒரே தேதியில் நிறைவேற்றும் கணுக்கள் அனைத்தும் கீழ்ப்பக்கத்தில் இடைவெளியின்றி ஒன்றாக நிற்க வேண்டும்.

---

வெண்ணிலா_கணிதம் எழுதியது:

மிக்க நன்றி. செலவையும் ஆதாயத்தையும் பிரித்துக் காட்டியது முழுத் தெளிவைத் தந்தது. அதைக் கொண்டு ஒரு சோதனை செய்தேன். வட்டியைக் காலாண்டுக்கு 0.5 சதவீதமாகக் குறைத்தேன். காத்திருப்பதன் செலவு இப்போது 0.50 டாலர்தான், ஆகவே நிறைவேற்றும் கணுக்கள் குறையும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அதே மூன்று கணுக்களே வருகின்றன. முதிர்வற்ற புட்டின் எல்லையோ 52.3க்கு இறங்கிவிட்டது. இவ்வளவு மாறிய பிறகும் மரம் மாறாதது ஏன்?

---

மரக்கிளை எழுதியது:

உங்கள் சோதனை இந்தச் சிறிய மரத்தின் வரம்பைச் சரியாகத் தொட்டுவிட்டது. t=3, 90.91 கணுவில் ஆதாயம் பூஜ்யம் என்று முன்பு பார்த்தோம். அங்கிருந்து ஒரே படியில் ஏறக்கூடிய மிக உயர்ந்த விலை 100, அதற்கு மேல் போக வழியில்லை. ஆகவே வட்டி எவ்வளவு சிறிதாக இருந்தாலும், பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்வரை, அந்தக் கணு ‘நிறைவேற்று’ என்றே சொல்லும். 75.13க்கும் அதே காரணம். 82.64 கணுவின் இரண்டு குழந்தைக் கணுக்களும் நிறைவேற்றும் கணுக்களாக இருப்பதால் அதுவும் தொடர்ந்து அப்படியே ஆகிறது. உண்மைச் சந்தையில் 90.91 விலையுள்ள பங்கு ஒரு காலாண்டில் 100ஐத் தாண்டலாம். அந்த வாய்ப்பை இந்த மரம் காண்பதே இல்லை. எனவே நான்கு படி மரத்தை முறையைப் புரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள், எல்லை எங்கே என்று அதனிடம் கேட்க வேண்டாம். வட்டி முற்றிலும் பூஜ்யமானால் காத்திருக்கச் செலவே இல்லை. அப்போது டிவிடெண்ட் இல்லாத பங்கில் அமெரிக்க புட்டும் ஐரோப்பிய புட்டும் ஒரே விலைதான்.

மற்றொன்றையும் கவனியுங்கள். t=1இல் மரத்தின் மிகக் கீழான விலையே 90.91. அங்கே காத்திருக்கச் சொல்கிறது என்பதால் அந்தத் தேதியில் எந்த விலையிலும் நிறைவேற்றத் தேவையில்லை என்று பொருளாகாது. எல்லை அதற்குக் கீழே இருக்கிறது, மரம் அவ்வளவு தூரம் விரியவில்லை, அவ்வளவே. தொடக்கத் தேதிகளின் எல்லையையும் காண விரும்பினால், இன்றைய தேதிக்குச் சில படிகள் முன்பிருந்தே மரத்தைத் தொடங்குங்கள். அப்போது இன்றைய தேதிக்கு வரும்போது பல விலைகள் கிடைத்திருக்கும்.

---

ஜெர்சித்_தமிழன் எழுதியது:

எனக்கு அமெரிக்க வகைதான், ஆகவே என் கேள்வி இங்கே பொருந்தும் என நம்புகிறேன். என்னிடம் பங்கும் இருக்கிறது, அதற்குப் பாதுகாப்பாக 100 ஸ்ட்ரைக் புட்டும் இருக்கிறது. விலை எழுபதுகளில் நிற்கிறது. பத்து நாளில் பங்குக்கு 3 டாலர் டிவிடெண்ட் வருகிறது. மேலே சொன்ன கணக்கின்படி இப்போதே நிறைவேற்ற வேண்டுமா?

---

மரக்கிளை எழுதியது:

மேலே சொன்ன கணக்கு முழுவதும் டிவிடெண்ட் இல்லாத பங்குக்கானது. டிவிடெண்ட் வந்தால் காத்திருப்பதன் ஆதாயத்தில் ஒரு புதிய தொகை சேருகிறது. இன்றே நிறைவேற்றினால் பங்கைக் கொடுத்துவிடுகிறீர்கள், 3 டாலர் உங்களுக்கு வராது. டிவிடெண்டுக்கான விலக்குத் தேதிவரை காத்திருந்தால் அந்த 3 டாலர் உங்களுடையது. நீங்கள் இழப்பது பத்து நாள் வட்டி மட்டும். காலாண்டுக்கு 2 சதவீதம் என்று கொண்டாலும் 100 டாலருக்கு அது ஏறத்தாழ 0.22 டாலர். ஆகவே இந்த எண்களின்படி விலக்குத் தேதி கடக்கும்வரை காத்திருப்பதே நல்லது. அதற்குப் பிறகு முதிர்வுக்குள் வேறு டிவிடெண்ட் இல்லையென்றால், மீண்டும் பழைய கணக்குக்கே திரும்பலாம். தானாகவே நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள். முதிர்வு நாளில் லாபத்தில் இருக்கும் ஆப்ஷன் தானாக நிறைவேற்றப்படும், முன்கூட்டியே நிறைவேற்ற நீங்களே புரோக்கருக்கு அறிவுறுத்த வேண்டும்.

மரத்தில் இதைச் சேர்க்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. டாலர் கணக்கில் நிலையான டிவிடெண்டைக் கழித்தவுடன், ஏறி இறங்கிய கிளையும் இறங்கி ஏறிய கிளையும் ஒரே விலையில் சந்திக்காமல் கணுக்கள் பெருகிவிடும். வழக்கமான தீர்வு, வரவிருக்கும் டிவிடெண்டின் தற்போதைய மதிப்பை இன்றைய விலையிலிருந்து கழித்து, மீதியின்மீது மரத்தைக் கட்டி, விலக்குத் தேதிக்கு முந்தைய ஒவ்வொரு கணுவிலும் அந்தத் தேதிக்குரிய தற்போதைய மதிப்பைத் திரும்பக் கூட்டுவது. நிறைவேற்றும் மதிப்பைக் கணக்கிடும்போது இப்படிக் கூட்டிய முழு விலையையே பயன்படுத்த வேண்டும். கழித்த விலையை அப்படியே விட்டுவிட்டால், விலக்குத் தேதிக்கு முன்பு நிறைவேற்றுவது உண்மையைவிட லாபமாகத் தோன்றி, தவறான கணுக்கள் பட்டியலில் நுழைந்துவிடும். பட்டியலில் விலக்குத் தேதிக்குச் சற்று முந்தைய கணுக்கள் நிறைந்திருந்தால் முதலில் இந்தப் பிழையையே தேடுங்கள்.

---

ஜெர்சித்_தமிழன் எழுதியது:

நன்றி, இது தெளிவாக இருக்கிறது. என் புரோக்கர் இந்தப் பங்கைக் கடன் கொடுப்பதற்காக எனக்கு ஒரு சிறிய கட்டணமும் தருகிறார். அதையும் டிவிடெண்ட் போலவே சேர்க்க வேண்டுமா?

---

மரக்கிளை எழுதியது:

உங்களுக்கு அந்தக் கட்டணம் தொடர்ந்து கிடைக்கும் என்றால் ஆம், அதுவும் பங்கை வைத்திருப்பதன் வருமானமே, ஆகவே காத்திருப்பதன் பக்கம் சேரும். ஆனால் எல்லாருக்கும் அது ஒரே அளவில் கிடைப்பதில்லை, நாளுக்கு நாள் மாறவும் செய்யும். ஆப்ஷனின் ‘சந்தை விலை’ என்று ஒரு மரத்தில் எந்தக் கட்டணத்தை இடுவது என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை என்னிடம் இல்லை. நிறைவேற்றும் முடிவுக்கு உங்கள் கையில் வரும் கட்டணத்தை இடுவதே நியாயம் என்பது என் கருத்து.

---

சோழமண்டலம் எழுதியது:

இங்கே நான் மாறுபடுகிறேன். ஒருவருக்குக் கிடைக்கும் கட்டணத்தை இட்டால் ஒரே புட்டுக்கு ஆளுக்கொரு எல்லை வரும். சந்தையில் உள்ள ஃபார்வர்ட் விலையிலிருந்து மறைமுகமாகக் கிடைக்கும் கட்டணத்தை இட்டால்தான் விலையும் எல்லையும் ஒன்றோடொன்று பொருந்தும்.

---

நுண்கணிதன் எழுதியது:

வெண்ணிலாவின் திட்டப்பணிக்குத் திரும்புகிறேன். 500 படிகள் வைத்தால் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். விலையைப் பொறுத்தவரை ஒற்றைப்படை, இரட்டைப்படைப் படிகளுக்கு இடையே விடை மேலும் கீழும் ஆடும். அடுத்தடுத்த இரண்டு எண்ணிக்கைகளின் சராசரியை எடுத்தாலே அது பெரும்பாலும் அடங்கிவிடும். பிராடி, டெட்டெம்பிள் இருவரும் 1996இல் காட்டியபடி, கடைசிப் படியில் மட்டும் பிளாக்-ஷோல்ஸ் மதிப்பை இடுவது இன்னும் நல்லது.

எல்லைதான் கடினமானது. 500 படிகளில் u ஏறத்தாழ 1.0086. ஆனால் ஒரே தேதியில் அடுத்தடுத்த கணுக்களின் விகிதம் u அன்று, அதன் வர்க்கம். விலை 85 அருகே இது ஏறத்தாழ 1.46 டாலர் இடைவெளி. அதாவது இவ்வளவு பெரிய மரத்திலும் ஒரு தேதியின் எல்லை எந்த இடைவெளிக்குள் இருக்கிறது என்றுதான் தெரியும். வரைந்து பார்த்தால் எல்லை படிப்படியாகவும் பற்களோடும் தோன்றும். அது பிழையன்று, ஒரு தேதியில் இரட்டைப்படைக் கணுக்களும் அடுத்ததில் ஒற்றைப்படைக் கணுக்களும் மாறி மாறி வருவதால் நிகழ்வது. நிறைவேற்றும் மிக உயர்ந்த கணுவிலும் காத்திருக்கும் மிகத் தாழ்ந்த கணுவிலும் `hold - now` என்ற வேறுபாட்டைச் சேமித்து, அது பூஜ்யமாகும் இடத்தை நேர்கோட்டு இடைக்கணிப்பால் காணலாம். பெரியதை எடுப்பதற்கு முன்பே `hold` மதிப்பைச் சேமிக்க மறவாதீர்கள்.

---

மரக்கிளை எழுதியது:

நேர்கோட்டு இடைக்கணிப்பில் எனக்குத் தயக்கம் உண்டு. எல்லைக்கு வெகு கீழே அந்த வேறுபாடு ஒரு படியின் வட்டி அளவில், எதிர்க்குறியோடு, ஏறத்தாழ நிலையாக நிற்கிறது. எல்லைக்கு மேலே அது மெதுவாகத் தொடங்கி வளைந்து உயர்கிறது. இரண்டு வேறு இயல்புள்ள பகுதிகளை ஒரே நேர்கோட்டால் இணைத்தால், பூஜ்யமாகும் இடம் ஒரு பக்கம் சாயும். படிகளை இரட்டிப்பாக்கி இரண்டு எல்லைகளையும் ஒப்பிட்டுச் சாய்வின் அளவைக் காண்பதே நான் செய்வது.

---

நுண்கணிதன் எழுதியது:

சாய்வு உண்டு என்பதை மறுக்கவில்லை. இடைவெளி 1.46 டாலராக இருக்கும்போது, இடைக்கணிப்பே இல்லாமல் கணுவின் விலையையே எல்லை என்று எடுப்பதைவிட அது குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். 250, 500, 1000 படிகளுக்கு இரண்டு முறைகளிலும் ஓட்டிப் பார்த்து, t = 0.5 ஆண்டில் கிடைக்கும் எல்லையை இங்கே இடுகிறேன்.

---

வெண்ணிலா_கணிதம் எழுதியது:

நானும் இரண்டு வட்டி விகிதங்களுக்கும் 1000 படிகளில் ஓட்டுகிறேன். மரத்தை இன்றைய தேதிக்கு முன்பிருந்து தொடங்கும் முறையையும் சேர்த்துவிடுகிறேன், அப்போது முதல் காலாண்டின் எல்லையும் தெரியும். நுண்கணிதன் அண்ணா, நீங்கள் இடும் எண்களோடு என்னுடையவற்றை ஒப்பிட்டுக்கொள்கிறேன்.